நாற்பத்தைந்து நொடி நன்றி

கடைகளின் பத்தாம் ஆண்டு நிறைவு நன்றி வீடியோக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சோதனை வைக்கலாம். கடைப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு கடையின் பெயரைச் செருகிப் பாருங்கள். மளிகைக் கடை பேசியது ஜவுளிக் கடைக்குப் பொருந்தும். ஜவுளிக் கடை பேசியது மருந்துக் கடைக்குப் பொருந்தும். பேராதரவு, நெஞ்சார்ந்த நன்றி, மென்மேலும் தொடர்ந்து என்ற அதே சொற்கள், அதே வரிசை. பின்னணியில் நாதஸ்வரம், திரையில் பூ விழும், கடைசியில் தள்ளுபடி அறிவிப்பு. பார்ப்பவர் கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அவர் மேல் தவறில்லை. பத்து வருடம் அந்தக் கடைக்குப் போனவர் அவர்; அவரைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு வார்த்தையும் இல்லை.

முன்பெல்லாம் கடைக்காரரின் நன்றி பொருளாகத்தான் வந்தது. வருடப் பிறப்புக்குத் தினசரி காலண்டர், தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஆயுத பூஜைக்குப் பொரிகடலைப் பொட்டலம். அதில் யாரும் பேச வேண்டியதில்லை. கையில் கொடுத்தால் போதும். வீடியோ வந்தபிறகு கடைக்காரர் வாயைத் திறந்து பேச வேண்டியிருக்கிறது. தினமும் நூறு பேரோடு பேசுகிறவர், கேமரா முன்னால் வந்ததும் மேடைப் பேச்சாளராக மாறிவிடுகிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

திருச்சி உறையூரில் ஒரு தெருமுனை மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். 2015 தை மாதம் திறந்தது. 2025 தையில் பத்து வருடம். கடைக்காரர், அவர் மனைவி, சாமான் கட்டிக் கொடுக்க ஒரு பையன். கையில் இருப்பது சாதாரண செல்போன். இவர் ஒரு நன்றி வீடியோ எடுக்க வேண்டும் என்றால் முதலில் கேமராவைத் தேட வேண்டாம். எதற்கு நன்றி என்பதைத் தேட வேண்டும். இந்த வேலைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை; மற்றதெல்லாம் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்றால் அது எதற்குமே நன்றி ஆகாது. வாடிக்கையாளர் செய்த ஒரு காரியம் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இந்தப் பத்து வருடத்தில் கடையை மூடிவிடலாமா என்று நான் நினைத்த நாள் எது, அன்று மூடாமல் காப்பாற்றியது எது? கேமரா முன்னால் நிற்கும்போது இதற்கு விடை வராது. பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துப் புரட்டினால் வரும். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டால் இன்னும் சீக்கிரம் வரும். கடையின் கஷ்டகாலம் எல்லாம் அவருக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கும்.

2015இல் திறந்த ஒரு தமிழ்நாட்டுக் கடைக்கு அப்படிச் சில நாட்கள் பொதுவாகவே உண்டு. 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகான வாரங்களில் வங்கியில் வரிசை, ஏ.டி.எம்.மில் பணமில்லை, புதிதாக வந்த 2000 ரூபாய் நோட்டை நீட்டினால் யாரிடமும் சில்லறை இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. கேரி பேக்கில் போட்டுக் கொடுத்துப் பழகிய கடைகள் திண்டாடின. 2020 மார்ச் கடைசி வாரம் ஊரடங்கு; மளிகைக் கடைக்குத் திறக்க அனுமதி இருந்தது, ஆனால் நேரக் கட்டுப்பாட்டோடு. கடை வாசலில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு ஒருவர் பின் ஒருவராக நின்றோம்.

இந்த மூன்றில் எதைச் சொல்வது? கேட்டவுடன் பலரும் ஊரடங்கைத்தான் எடுப்பார்கள். நம் கடைக்காரரும் அதைத்தான் எடுப்பார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரடங்கில் தெருக்காரர்களுக்குக் கடை தேவைப்பட்டது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ‘உயிரைப் பணயம் வைத்துக் கடை திறந்தோம்’ என்று பேச்சு தானாகவே கடைக்காரர் பக்கம் சாய்ந்துவிடும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது நன்றி ஆகாது. தன் சேவையைச் சொல்லிக்கொள்வது. பை விஷயம் நல்லதுதான், சின்னதாக இருக்கிறது. வாடிக்கையாளர் பையைக் கொண்டு வரப் பழகினார், அவ்வளவே.

2016 நவம்பர் அப்படியில்லை. கையில் செல்லும் நோட்டு இல்லாதவர்கள் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போனார்கள். கடைக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் கடைக்காரரிடமும் பணம் இல்லை. சில வாரத்தில், பணம் கைக்கு வந்ததும், கேட்காமலே வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். இது முழுக்க அவர்கள் செய்த காரியம். அவர்கள் அதை மறந்துகூடப் போயிருப்பார்கள். மறந்துபோன ஒன்றைக் கடைக்காரர் ஞாபகம் வைத்திருந்து எட்டு வருடம் கழித்துச் சொல்கிறார் என்பதில்தான் நன்றி இருக்கிறது.

எல்லாக் கடைக்கும் இவ்வளவு பெரிய சம்பவம் வேண்டும் என்றில்லை. துவரம் பருப்பில் வண்டு இருந்ததை நாலு பேரிடம் சொல்லித் திரியாமல் நேரே கடைக்கு வந்து காட்டியவர் இருப்பார். கல்லாவில் கூடுதலாகக் கொடுத்த மீதியைத் திருப்பிக் கொடுக்கப் படியேறி வந்தவர் இருப்பார். குறை சொன்ன வாடிக்கையாளருக்கு நன்றி சொல்லும் வீடியோவை நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது எடுத்தால் அது மற்ற எல்லாவற்றையும் விட நன்றாக இருக்கும்.

சம்பவம் கிடைத்துவிட்டது. இனி எழுத வேண்டும். வீடியோவின் நீளம் நாற்பத்தைந்து நொடி என்று வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரே துண்டாகப் போகும், பஸ்ஸில் நிற்கிறவரும் முழுசாகப் பார்ப்பார். நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு சொல் வரும். ஆக, கையில் இருப்பது எழுபது சொல்லுக்குள். கடைக்காரர் முதலில் எழுதியது அநேகமாக இப்படி இருக்கும்:

“அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களுக்கு வணக்கம். எங்கள் நிறுவனம் வெற்றிகரமாகப் பத்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், தாங்கள் அளித்துவரும் பேராதரவுக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.”

தினமும் “அக்கா, நல்லெண்ணெய் அரை லிட்டரா ஒரு லிட்டரா?” என்று கேட்கிறவர் ‘இவ்வேளையில்’ என்று பேசினால் அந்த அக்காவுக்குச் சிரிப்புதான் வரும். ‘நிறுவனம்’ என்ற சொல்லையும் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இருப்பது கடை. கடை என்றே சொல்லலாம். ‘நாங்கள்’ என்று பேசுவதும் வேண்டாம். பேசுகிறவர் ஒருவர், ‘நான்’ என்றே சொல்லட்டும். சிலர் தங்கள் கடையில் மாட்டியிருக்கும் ‘வாடிக்கையாளரே நம் இடத்துக்கு வரும் முக்கியமான விருந்தினர்’ என்ற பொருளில் அமைந்த பலகையை, காந்தி சொன்னது என்று வாசித்துவிடுவார்கள். காந்தியின் எழுத்துகளில் அதற்குச் சான்று கிடையாது. அதோடு, அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே வங்கியில் இரண்டு மணி நேரம் நின்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு.

அதனால் எழுதுவதை விட்டு, கடைக்காரர் முதலில் தன் மனைவியிடம் அந்தச் சம்பவத்தைச் சொல்லட்டும். பையன் போனில் அதைப் பதிவு செய்துகொள்ளட்டும். சொன்னதைச் சொன்னபடி எழுதி, தேவையில்லாததை வெட்டினால் பேச்சு தயார். வெட்டிய பிறகு இப்படி வரலாம்:

“எல்லாருக்கும் வணக்கம். நம்ம கடை திறந்து இந்தத் தையோட பத்து வருஷம் ஆச்சு. 2016 நவம்பர்ல ஐந்நூறு ரூபா நோட்டு செல்லாதுன்னு சொன்னப்போ, கடைக்கு ரெண்டு வயசுகூட முடியலை. உங்ககிட்டயும் சில்லறை இல்லை, என்கிட்டயும் இல்லை. ‘நோட்டுல எழுதிக்கங்க’ன்னு சொல்லிட்டு சாமான் வாங்கிட்டுப் போனீங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஆனா நான் கேக்காமலே, பணம் கையில வந்ததும் நீங்களே வந்து குடுத்தீங்க. அந்தக் காசுலதான் அடுத்து வந்த பொங்கலுக்கு சரக்கு எடுத்தேன். இன்னிக்குக் கடை இருக்குன்னா அதனாலதான். ரொம்ப நன்றி. நாளைக்கும் காலையில ஆறு மணிக்குக் கடை திறந்திருக்கும்.”

எண்ணிப் பார்த்தால் அறுபத்தைந்து சொல்லுக்குப் பக்கத்தில் வரும். இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ‘ராத்திரி தூக்கம் வரலை’ என்பதைக் கடைக்காரர் வெட்டப் பார்ப்பார். வாடிக்கையாளரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம். அதை வெட்டக் கூடாது. அந்தப் பயம் இருந்ததால்தான் பணம் திரும்பி வந்தது பெரிய விஷயமாகிறது. பயமே இல்லை என்றால் நன்றிக்கும் வேலையில்லை.

இன்னொன்று, முதலில் அவர் ‘ஒருத்தர் விடாம வந்து குடுத்தீங்க’ என்றுதான் சொல்லியிருப்பார். அது உண்மையாக இருந்தால் சொல்லலாம். கணக்கு நோட்டில் மூன்று பேர் பாக்கி இன்னும் நிற்கிறது என்றால் சொல்லக் கூடாது. அந்த மூன்று பேரும் இந்த வீடியோவைப் பார்ப்பார்கள், அவர்களுக்கு அது குத்தலாகப் படும். மற்றவர்களில் யாருக்காவது அந்த விஷயம் தெரிந்திருந்தால் மொத்தப் பேச்சும் பொய்யாகிவிடும். ‘நீங்களே வந்து குடுத்தீங்க’ என்றால் கொடுத்தவர்களுக்குச் சேர்கிறது, கொடுக்காதவர்களைச் சுடவில்லை. அதே காரணத்தால் அந்தப் பழைய கணக்கு நோட்டை வீடியோவில் காட்டவும் வேண்டாம். காட்டினால் நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் அந்த ஆசை புரிகிறது. ஆனால் அதில் யார் யார் எவ்வளவு கடன் வைத்தார்கள் என்பது பெயரோடு இருக்கிறது. போனில் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்க்க யாருக்கும் நேரம் ஆகாது. வாடிக்கையாளர் யாருடைய பெயரையும் படத்தையும் அவரைக் கேட்காமல் போட வேண்டாம். கடையில் மாட்டியிருக்கும் கண்காணிப்பு கேமரா பதிவை எடுத்து ஒட்டும் வேலையும் வேண்டாம்.

தள்ளுபடி அறிவிப்புக்கு இந்த வீடியோவில் இடமில்லை. பத்தாம் ஆண்டுக்குச் சலுகை தரட்டும், தாராளமாகத் தரட்டும். அதை மறுநாள் தனியாகச் சொல்லலாம். நன்றியும் சலுகையும் ஒரே மூச்சில் வந்தால் முன்னால் சொன்னதெல்லாம் சலுகைக்குப் போட்ட முன்னுரை என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுவார். ‘நாளைக்கும் காலையில ஆறு மணிக்கு’ என்பது போதும்.

இனி படம் எடுப்பது. கடைக்காரர் தினமும் நிற்கும் இடத்திலேயே, கல்லாவுக்குப் பின்னால், தினமும் போடும் சட்டையோடு நிற்கட்டும். வாடிக்கையாளர் அவரைப் பார்த்துப் பழகியது அப்படித்தான். மாலையும் பட்டு வேட்டியும் படம் பிடிப்பதற்கு நன்றாக இருக்கும். ஆள்தான் வேறாகத் தெரிவார். போன் தெருப் பக்கம், வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. தெருவிலிருந்து வரும் வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழும். இதைத் திருப்பிப் போட்டு, கடைக்குள் போனை வைத்து, அவரை வாசல் பக்கம் நிறுத்தி எடுத்தால் பின்னால் தெரு பளிச்சென்று இருக்கும், முகம் கறுத்துவிடும். நிறையப் பேர் செய்யும் தவறு இதுதான்.

போனை நிமிர்த்திப் பிடித்து, கண் உயரத்தில், இரண்டு மூன்று அடி தூரத்தில் வைக்கலாம். ஸ்டாண்டு இல்லையென்றால் கல்லா மேல் இரண்டு பிஸ்கட் டின்னை அடுக்கிச் சாய்த்து வைத்தாலே அசையாமல் நிற்கும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துச் சற்று அழுத்தினால் வெளிச்சமும் தெளிவும் அந்த இடத்துக்குப் பூட்டிக்கொள்ளும்; குறுக்கே பைக் போனாலும் படம் மங்கித் தெளியாது.

சில கடைகளில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். போன் கெட்டுப்போகவில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் ட்யூப்லைட்டும் மலிவு எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு நூறு முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. கேமரா படத்தை வரி வரியாக எடுப்பதால் சில வரிகள் விளக்கு மங்கிய நேரத்தில் மாட்டிக்கொள்கின்றன. போனில் ‘ப்ரோ’ வசதி இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டை போய்விடும். (இந்த ஷட்டர் வேறு, கடை ஷட்டர் வேறு.) இல்லாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் எடுப்பதே எளிது. மளிகைக் கடைக்குக் கூட்டம் காலையும் சாயங்காலமும்தான். மத்தியானம் இரண்டரை மணிக்கு மேல் கடை ஓய்வாக இருக்கும், வெளிச்சமும் இருக்கும். மேற்குப் பார்த்த கடையென்றால் மட்டும் அந்நேரம் வெயில் கண்ணைக் கூசும், அவர்கள் காலை பத்தரை மணிக்கு மேல் எடுக்கலாம்.

படத்தைவிட ஒலிதான் முக்கியம். முகம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் கேட்கவில்லை என்றால் தள்ளிவிடுவார்கள். ஹெட்போனோடு வரும் சின்ன மைக்கைச் சட்டைப் பொத்தானில் செருகினாலே குரல் தெளிவாகிவிடும். ஆனால் கடைக்குள் நமக்குப் பழகிப்போய்க் காதில் விழாத சத்தங்கள் நிறைய. தலைக்கு மேல் ஃபேன், மூலையில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர். பேசும் ஐந்து நிமிடத்துக்கு இரண்டையும் நிறுத்திவைக்கலாம். ஃப்ரீசரை மறுபடி போட மறந்தால் அன்றைய ஐஸ்கிரீம் போச்சு. சினிமாவில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் இதற்கு ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள்: வண்டிச் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே போட்டுவிடுவார்கள், அதைப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது. பணம் வந்ததும் அறிவிக்கும் ஸ்பீக்கரையும் மறக்காமல் அணைக்க வேண்டும். ‘ரொம்ப நன்றி’ என்று சொன்ன கையோடு ‘ரூபாய் நாற்பது பெறப்பட்டது’ என்று அது பேசினால் வீடியோ வேறு வகையில் பிரபலமாகிவிடும்.

பேச்சை மனப்பாடம் செய்ய வேண்டாம். மனப்பாடம் செய்தவர் கண், அடுத்த வரியைத் தேடி மேலே போகும். ‘பத்து வருஷம், நோட்டு, தூக்கம், பொங்கல் சரக்கு, ஆறு மணி’ என்று ஐந்து சொல்லைப் பெரிதாக எழுதி, கேமராக் கண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும். போனுக்குப் பின்னால் பழகிய முகம் ஒன்றை நிறுத்தி அவரிடம் சொல்வதுபோலச் சொல்லலாம். மூன்று தடவை எடுத்தால் மிஞ்சிப் போச்சு. அதற்கு மேல் எடுத்தால் நடிப்பு வந்துவிடும். நடுவில் ஒரு சொல் தடுக்கினாலும் பரவாயில்லை. தடுக்கிய பதிவே பெரும்பாலும் நல்ல பதிவாக இருக்கும். பேச்சுக்கு முன்னும் பின்னும் இரண்டு நொடி சும்மா நின்றால் வெட்டுவதற்குச் சௌகரியம்.

பாட்டு வேண்டாம். சினிமாப் பாட்டுக்கு உரிமைக்காரர் உண்டு. அனுமதியில்லாமல் போட்டால் சமூக வலைத்தளங்கள் ஒலியை நிறுத்திவிடலாம், வீடியோவையே எடுத்துவிடலாம். அதைவிட, நாற்பத்தைந்து நொடிப் பேச்சின் கீழே எந்த இசை ஓடினாலும் அது ‘இங்கே நெகிழுங்கள்’ என்று கட்டளையிடுவதாகத்தான் இருக்கும். சத்தமில்லாமல் பார்க்கிறவர்களுக்காகக் கீழே எழுத்தைப் போடலாம். அடியோடு அடியாகப் போட்டால் ஸ்டேட்டஸில் பதில் எழுதும் இடம் அதை மறைத்துவிடும், கொஞ்சம் மேலே ஏற்றிப் போட வேண்டும்.

அனுப்புவதில் ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான் இருக்கும். நீங்கள் அவர் எண்ணையும் அவர் உங்கள் எண்ணையும் சேமித்திருந்தால்தான் அவருக்குத் தெரியும். ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ வழியாக ஒரு பட்டியலில் 256 பேர் வரை அனுப்பலாம். அதிலும் உங்கள் எண்ணைச் சேமிக்காதவருக்குப் போய்ச் சேராது. யாரோ அனுப்பியதை மறுபடி தட்டிவிட்டால் ‘ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்ற குறி விழும், நன்றிக்கு அது அழகில்லை. அதனால் கேலரியிலிருந்து நேரடியாகவே அனுப்புங்கள். எச்.டி. என்ற தேர்வைத் தொட்டு அனுப்பினால் படம் அவ்வளவாகத் தேயாது. பிராட்காஸ்ட்டில் வரும் பதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக உங்களுக்கே வரும். அன்று சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கி, பதில் அனுப்பியவர்களுக்குப் பெயர் சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, அந்த நவம்பரில் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுப் போனவர்களில் சிலரிடம் இன்றும் வாட்ஸ்அப் கிடையாது. அவர்களுக்கு வீடியோ போகாது, போகவும் வேண்டாம். பத்தாம் ஆண்டு முடிவதற்குள் அவர்கள் சாமான் வாங்க வரும்போது இதே விஷயத்தைக் கல்லாவில் நின்று நேரில் சொல்லிவிடுங்கள்.